நாக்கை நீட்டினால் போதாது, பிடித்து இழுக்க வேண்டும்

மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு,

நான் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்புப் பகுதியில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறை வாயைத் தானே பார்த்துக்கொள்வது எப்படி என்று காத்திருப்பு அறைக்கு ஒரு சுவரொட்டி எழுதும் வேலை என்னிடம் வந்தது. பதினான்கு படிகளில் எழுதி மாட்டினோம். பெரும்பாலானோர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பார்த்த ஒரு பெண்மணி, நாக்கின் பின்பகுதியில் வரிசையாகக் கட்டிகள் இருப்பதாக மறுநாள் அழுதுகொண்டே போன் செய்தார். யாரையும் பயமுறுத்தாமல், முக்கியமான எதையும் விடாமல், எளிமையாக எழுதுவது எப்படி? எங்கள் பிரதியை இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தப் பெண்மணிக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால், அவர் கண்டது ஏறக்குறைய நிச்சயமாகச் சுவை மொட்டுகளைத் தாங்கி நிற்கும் இயல்பான புடைப்புகள்தாம். நாக்கின் பின்பகுதியில், தொண்டைக்குச் சற்று முன்னால், 8 முதல் 12 வரை வட்டமான புடைப்புகள் அம்புமுனை வடிவத்தில் வரிசையாக நிற்கும். கூர்முனை தொண்டைப் பக்கம் இருக்கும். எல்லோருக்கும் உண்டு. நாக்கைச் சாதாரணமாக நீட்டினால் தெரியாது. நன்றாக இழுத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அதாவது உங்கள் சுவரொட்டியைப் படித்தவர்களில் சொன்னதை ஒழுங்காகச் செய்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவருக்குக் கிடைத்த பரிசு ஓர் இரவுத் தூக்கம் கெட்டது. நேரில் ஒருமுறை காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள், போனில் சொல்லும் ஆறுதலுக்கு மேல், மருத்துவர் கண்ணாடியைப் பிடித்து "இதைத்தானே சொன்னீர்கள்?" என்று கேட்கும்போதுதான் அந்தப் பயம் போகும்.

இனி உங்கள் பிரதி. அதைப் படித்தபோது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. காரணம், பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய சுவரொட்டியும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருந்தது. உங்கள் ஆறாவது படி: "நாக்கை வெளியே நீட்டி அனைத்துப் பகுதிகளையும் பரிசோதிக்கவும்." என் சுவரொட்டியில் இருந்த வரி: "நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்க்கவும்." அந்த வரியால் நடந்ததைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும்.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர். புகையிலைப் பழக்கம் கிடையாது, மதுவும் கிடையாது. கணக்கு வழக்கில் கறாரான மனிதர். என் அறையில் காத்திருந்தபோது சுவரொட்டியைப் படித்தார், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார், ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடி முன் நின்று அதன்படியே செய்தார். நான்கு மாதம் தவறவில்லை. ஐந்தாவது மாதம் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லின் ஓரம் உடைந்துவிட்டது என்று வந்தார். உட்கார்ந்ததும் முதலில் சொன்னது, "வாயை மாதாமாதம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் டாக்டர், அதில் ஒன்றும் இல்லை, இந்தப் பல்லை மட்டும் பாருங்கள்" என்பதுதான்.

பல்லைப் பார்ப்பதற்கு நாக்கை ஒதுக்கினேன். அந்தப் பல்லுக்கு நேராக, நாக்கின் இடது ஓரத்தில், ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு புண். சிறிய சட்டைப் பொத்தானை விடக் குறைவு. வலி பெரிதாக இல்லை. காரமாக எதையாவது சாப்பிட்டால் லேசாக எரியும் என்றார். கையுறை விரலால் தொட்டபோது, புண்ணின் அடிப்பகுதி சுற்றியுள்ள சதையைப் போல மெத்தென்று இல்லாமல் கொஞ்சம் இறுகி இருந்ததுபோல் தோன்றியது. உடைந்த பல்லின் விளிம்பு அங்கேதான் உரசிக்கொண்டிருந்தது. உரசலால் வரும் புண்ணும் ஓரளவு இறுகும். எனவே விளிம்பைத் தேய்த்து மழுங்கடித்தேன். பதினான்கு நாள் கழித்து அவர் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லி, அந்தத் தேதியை அவர் கையாலேயே எழுத வைத்தேன்.

அந்தக் கணக்கு எளிது. வாயின் உள்தோல் வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும். கடித்துக்கொண்ட புண், உரசிய புண், சாதாரண வாய்ப்புண் எல்லாம் காரணம் விலகிவிட்டால் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். முழுவதும் ஆறாவிட்டாலும் சுருங்கத் தொடங்கியிருக்கும். பதினான்காம் நாள் அவர் வந்தார். பல் உரசவில்லை. புண் அப்படியே இருந்தது. அன்றே திசுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஆரம்பநிலைப் புற்றுநோய். அறுவை சிகிச்சை செய்து நாக்கின் ஓரத்தில் ஒரு பகுதியை எடுத்தார்கள். சில வாரங்கள் பேச்சு தடித்திருந்தது, பிறகு தெளிந்துவிட்டது.

சிகிச்சை முடிந்த பிறகு ஒருநாள் அவரிடம், "மாதாமாதம் பார்த்தேன் என்றீர்களே, எப்படிப் பார்த்தீர்கள்? இப்போது செய்து காட்டுங்கள்" என்றேன். கண்ணாடி முன் நின்றார். வாயைத் திறந்தார். நாக்கை நேராக, முழுவதுமாக, கீழ்நோக்கி நீட்டினார். மேல்புறம் தெரிந்தது, நுனி தெரிந்தது. இரண்டு ஓரங்களின் பின்பாதி கடைவாய்ப் பற்களுக்கு உட்புறம் மறைந்தே இருந்தது. நான் எழுதியதை எழுத்துக்கு எழுத்து செய்திருக்கிறார். பிழை என் வரியில்.

நாக்கில் வரும் புற்றுநோயில் பெரும்பகுதி மேல்புறத்தில் வருவதில்லை. பக்கவாட்டு ஓரத்தில், அதிலும் பின்பாதியில், அல்லது நாக்கின் கீழ்ப்புறத்தில் வருகிறது. நாக்குக்குக் கீழே, கீழ்வரிசைப் பற்களுக்கு உட்புறம் குதிரைலாட வடிவில் ஒரு பள்ளம் இருக்கிறதே, வாயின் தரை, அது இன்னொரு முக்கிய இடம். புகையிலையும் பாக்கும் மெல்லுபவர்களுக்கு, அவற்றை அடக்கி வைக்கும் கன்னத்தின் உட்புறமும் கன்னமும் ஈறும் சேரும் மடிப்பும். கண்ணாடி முன் வாயைத் திறந்தவுடன் பளிச்சென்று தெரிகிற இடங்கள் எவையோ அவற்றில் ஆபத்து குறைவு. இழுத்து, ஒதுக்கி, தூக்கிப் பார்க்க வேண்டிய இடங்களில்தான் அதிகம். சுவரொட்டியில் உள்ள இடம் இந்த மறைவான இடங்களுக்குப் போக வேண்டும். உங்கள் பிரதியில் பற்களின் நிறத்துக்கு இரண்டு படி, நாக்கின் ஓரத்துக்கு அரை வாக்கியம்.

இன்னொரு குறை மொழியில் இருக்கிறது. "பரிசோதிக்கவும்" என்ற சொல் உங்கள் பிரதியில் ஒன்பது இடத்தில் வருகிறது. அதைப் படிக்கிறவர் கை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. நமக்குப் பரிசோதிப்பது என்றால் என்னவென்று தெரியும். அவருக்கு அது அலுவலகக் கடிதத்தில் வரும் சொல். பிடியுங்கள், இழுங்கள், தூக்குங்கள், தடவுங்கள், கிள்ளிப் பிடித்து உருட்டுங்கள் என்று எழுதினால் கை எழுந்து வரும். நாக்குக்கு இப்போது நான் வைத்திருக்கும் வரிகள் இவை: "நாக்கை நீட்டுங்கள். நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து வலப்பக்கம் இழுங்கள். இடது ஓரம் முழுவதும், கடைசிப் பல் வரை தெரிய வேண்டும். பிறகு இடப்பக்கம் இழுத்து வலது ஓரத்தைப் பாருங்கள். கடைசியாக, நாக்கு நுனியை மேல் அண்ணத்தில் ஒட்டி வைத்து, கீழ்ப்புறத்தையும் அதன் கீழே உள்ள பள்ளத்தையும் பாருங்கள்." நீளம்தான். ஆனால் சுவரொட்டியில் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

பக்கத்தில் படம் போடுங்கள். புகைப்படம் வேண்டாம், கோட்டுப் படம். துணி பிடித்த கை, பக்கவாட்டில் இழுத்த நாக்கு, அவ்வளவுதான். முற்றிய புண்ணின் வண்ணப் புகைப்படத்தைப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பது ஒன்று. அதைவிடப் பெரிய தொல்லை, அதைப் பார்த்தவர்கள் "என் வாயில் இருப்பது இந்த மாதிரி இல்லை" என்று நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். ஆரம்பநிலையில் அது அப்படி இருக்கவே இருக்காது. ஒரு வெள்ளைத் திட்டாகவோ, வெல்வெட் துணி ஒட்டியதுபோல ஒரு சிவப்புத் திட்டாகவோ, சாதுவான ஒரு சின்னப் புண்ணாகவோதான் இருக்கும்.

தொடக்கத்தில் சொல்ல வேண்டியது சுருக்கமானது. கை கழுவுங்கள், வாய் கொப்பளியுங்கள், உதட்டுச் சாயத்தைத் துடையுங்கள், பல்செட் இருந்தால் கழற்றுங்கள். இந்தக் கடைசிச் சொற்றொடர் உங்கள் பிரதியில் இல்லவே இல்லை. பல்செட்டைப் போட்டுக்கொண்டே பார்ப்பவர் மேல் அண்ணத்தையும் ஈற்றையும் பார்க்கவில்லை, பல்செட்டைத்தான் பார்த்திருக்கிறார். வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைப்பேசி விளக்கைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள், ஒரு கையில் கைக்கண்ணாடி, ஒரு கையால் கன்னத்தை ஒதுக்கவும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தால் மூன்று கை வருகிறது. சுவர்க் கண்ணாடி முன் நின்று, வீட்டில் ஒருவரை விளக்குப் பிடிக்கச் சொல்லலாம் என்று எழுதுங்கள். விளக்குப் பிடிப்பவர் சும்மா நிற்க மாட்டார், அவரும் பார்ப்பார். அந்த இரண்டாவது ஜோடிக் கண் நல்லதுதான்.

பார்த்தால் மட்டும் போதாது, தொடவும் வேண்டும். இதற்கு நான் மூன்றே இடம் கொடுப்பேன். உதட்டையும் கன்னத்தையும் கட்டைவிரல் வெளியே, ஆள்காட்டி விரல் உள்ளே வைத்து, துணியின் தடிமனைப் பார்ப்பதுபோல மெதுவாக உருட்டிக்கொண்டே நகர வேண்டும். நாக்குக்குக் கீழே உள்ள பள்ளத்தில் ஒரு விரல், அதற்கு நேர் கீழே தாடைக்கு வெளியே மறுகை விரல்கள். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது கெட்டியாக அகப்படுகிறதா என்று தேட வேண்டும். அடுத்து கழுத்து. காதுக்குக் கீழிருந்து காறை எலும்பு வரை விரல்களின் உட்பகுதியால் தடவி வர வேண்டும். இங்கே "ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்" என்று கட்டாயம் சேர்த்துவிடுங்கள். கழுத்தின் இரு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் சிலருக்குத் தலை சுற்றும்.

உங்கள் பிரதியின் கடைசி வரி, "அசாதாரண மாற்றங்கள் தென்படின் உடனடியாக மருத்துவரை அணுகவும்." அந்தப் பெண்மணியை அழ வைத்தது இந்த வரிதான். தன் வாயை வாழ்நாளில் முதல்முறையாக இவ்வளவு உற்றுப் பார்க்கிறவருக்கு அதில் இருப்பதெல்லாம் அசாதாரணமாகத்தான் தோன்றும். மேல் அண்ணத்தின் நடுவில் சிலருக்கு எலும்பு மேடு இருக்கும். கீழ்த் தாடையின் உட்புறத்திலும் இருக்கலாம். கன்னத்தில், பற்கள் சேரும் மட்டத்துக்கு நேராக நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தில் ஒரு சின்ன மேடு. அது உமிழ்நீர் வந்து விழும் வாய். கீழ் முன்பற்களுக்குப் பின்னால், நாக்கின் அடியில் இரட்டையாக இன்னும் இரண்டு உமிழ்நீர் வாய்கள். உதட்டிலும் கன்னத்திலும் ரவை தூவியதுபோல மஞ்சள் புள்ளிகள். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். வயதானவர்களுக்கு நாக்கின் கீழே ஊதா நிறத்தில் புடைத்த ரத்தக் குழாய்கள். இவை எல்லாம் இயல்பு.

இவற்றை எல்லாம் சுவரொட்டியில் எழுதினால் அது பாடப்புத்தகம் ஆகிவிடும். ஒரே ஒரு வரி போதும்: "மறுபக்கத்தில் அதே இடத்தைப் பாருங்கள்." இயல்பான அமைப்புகளில் பெரும்பாலானவை இரட்டையாக இருக்கும், இல்லாவிட்டால் நடுக்கோட்டில் இருக்கும். நோய் அனேகமாக ஒரு பக்கத்தில் வரும். இது சட்டம் அல்ல, ஆனால் வீட்டில் கண்ணாடி முன் நிற்பவருக்கு இதைவிட நல்ல அளவுகோல் என்னிடம் இல்லை. நாக்கின் பின் ஓரத்தில் செங்குத்தாகச் சில மடிப்புகள் சிவப்பாக இருக்கும். நான் மேலே ஆபத்தான இடம் என்று சொன்ன அதே இடத்தில். அனுபவம் குறைந்த பல் மருத்துவரே அதைக் கண்டு ஒரு நிமிடம் தயங்குவார். இடது ஓரத்தில் பார்த்ததும் வலது ஓரத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்து, தொட்டால் மெத்தென்று இருந்தால் கவலை இல்லை. ஒரு பக்கம் மட்டும் தடித்தோ, இறுகியோ, தொட்டவுடன் ரத்தம் கசிந்தோ இருந்தால் காட்ட வேண்டும்.

முதல் மாதம் பார்ப்பதன் உண்மையான பயனும் இதுதான். அன்று நோய் கண்டுபிடிப்பது வேலை அல்ல. தன் வாய் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. அதனால் சுவரொட்டியில், முதல்முறை பார்த்ததைப் பல் மருத்துவரிடம் வந்து ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சேர்த்துவிட்டேன். இரண்டாம் மாதத்திலிருந்து "இது இருந்ததா, புதிதாக வந்ததா" என்ற கேள்விக்கு அவருக்கே பதில் தெரிந்திருக்கும்.

வெள்ளைத் திட்டு பற்றி உங்கள் பிரதி சொல்வது சரி, ஆனால் பாதியில் நிற்கிறது. ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுப் படிவோ சில வகைப் பூஞ்சைப் படலமோ என்றால் வந்துவிடும். வராமல் ஒட்டியிருந்தால் காட்ட வேண்டும். சுரண்டக் கூடாது என்பதையும் எழுதுங்கள். நகத்தால் சுரண்டி, புண்ணாக்கிக்கொண்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன், பிறகு எது நோய், எது நகம் என்று எனக்கே புரியவில்லை. ஒட்டிய வெள்ளைத் திட்டுகளில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை. சிவப்புத் திட்டு அரிதாக வரும், ஆனால் வந்தால் வெள்ளையைவிட நம்பிக்கைக் குறைவானது. வலியே இல்லாத சிவப்புத் திட்டை மக்கள் கண்டுகொள்வதில்லை என்பதால், பிரதியில் "வெள்ளை அல்லது சிவப்பு" என்பதை "சிவப்பு அல்லது வெள்ளை" என்று திருப்பிப் போடுங்கள். "வலி இல்லாவிட்டாலும்" என்பதைத் தடித்த எழுத்தில் அடியுங்கள். வலித்தால்தான் நோய் என்ற கணக்கு வாயில் தலைகீழாக வேலை செய்கிறது. சாதாரண வாய்ப்புண் உயிர் போகிற மாதிரி வலிக்கும், ஆபத்தானது பல மாதம் சத்தமில்லாமல் இருக்கும்.

இப்போது, எல்லாச் சுவரொட்டிகளிலும் நான் பார்க்கிற ஓட்டைக்கு வருகிறேன். மேலே "மாதம் ஒருமுறை" என்று எழுதுகிறோம், கீழே "இரண்டு வாரத்தில் ஆறாத புண்" என்று எழுதுகிறோம். முதல் தேதி ஒரு புண்ணைப் பார்க்கிறார். இரண்டு வாரம் ஆகிறதா என்று யார் பார்ப்பது? அடுத்த சோதனை அடுத்த மாதம்தான். அதற்குள் புண் அதுவா, வேறா, எத்தனை நாளானது என்று எதுவும் நினைவில் இருக்காது. "ஒரு பத்து நாள் இருக்கும் டாக்டர்" என்று சொல்பவரிடம் மெதுவாகக் கிண்டிக் கேட்டால் பண்டிகைக்கு முன்பிருந்தே இருக்கிறது என்பார்கள். ஆகவே இந்த வரி தனியாக, கட்டம் போட்டு வர வேண்டும்: "எதையாவது கண்டால் அன்றைய தேதியை எழுதுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். சரியாகப் பதினான்கு நாள் கழித்து அதே இடத்தைப் பாருங்கள். அப்படியே இருந்தால் பல் மருத்துவரிடம் வாருங்கள்." நாட்காட்டியில் ஒரு வட்டம் போட்டால் போதும். இந்த வரி பயத்தையும் குறைக்கிறது. "உடனடியாக அணுகவும்" என்பது எல்லாப் புண்ணையும் ஆபத்தாக்குகிறது. பதினான்கு நாள் என்பது பெரும்பாலான புண்களைத் தானே வடிகட்டி அனுப்பிவிடுகிறது.

சிலவற்றுக்கு மட்டும் பதினான்கு நாள் காத்திருக்கக் கூடாது. கழுத்தில் வலியில்லாத, கெட்டியான, நகராத முடிச்சு. காரணமில்லாமல் கீழுதடோ நாக்கோ மரத்துப்போவது. ஈறு நன்றாக இருக்கும் வாயில் ஒரே ஒரு பல் திடீரென்று ஆடுவது. இவற்றைச் சிறிய எழுத்தில் "காத்திருக்காமல் வாருங்கள்" என்று போட்டுவிடலாம். "கட்டி" என்ற சொல்லைத் தவிர்த்து "முடிச்சு", "தடிப்பு" என்று எழுதுவது என் பழக்கம். அதற்காகப் புற்றுநோய் என்ற சொல்லையே ஒளிக்க வேண்டும் என்பதில்லை. ஒரு இடத்தில், ஒரே ஒரு முறை, சாதாரண எழுத்தில் இருக்கட்டும். எதற்காக இதெல்லாம் என்று தெரியாமல் யாரும் மாதாமாதம் நாக்கைப் பிடித்து இழுக்க மாட்டார்கள்.

புகையிலையோ பாக்கோ மெல்லும் பழக்கம் உள்ளவர்களுக்காக ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள். தன் கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் நுழைத்துப் பார்க்க வேண்டும். பொதுவாக மூன்றும் நுழையும். போன மாதம் நுழைந்தது இந்த மாதம் நுழையவில்லை, அல்லது கன்னம் உள்ளே நார் நாராக இறுகியிருக்கிறது என்றால், பாக்கினால் வரும் இறுக்க நோயாக இருக்கலாம். அது கண்ணாடியில் புண்ணாகத் தெரியாது. விரல்தான் கண்டுபிடிக்கும்.

மாதம் ஒருமுறை ஏன், வாரம் ஒருமுறை பார்த்தால் இன்னும் நல்லதல்லவா என்று உங்களிடம் யாராவது கேட்பார்கள். அடிக்கடி பார்ப்பவர்கள் மாற்றத்தைக் கண்டுபிடிப்பதில்லை, பழகிப்போய்விடுகிறார்கள். அல்லது ஒவ்வொரு சின்னப் புண்ணுக்கும் பதறுகிறார்கள். மாதம் என்பது ஆராய்ந்து கண்ட எண் அல்ல, நினைவில் வைக்க வசதியான எண். மறந்துபோகாத ஒரு நாளோடு கட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

உங்கள் பிரதியின் தலைப்பில் "உயிரைக் காக்கும் ஐந்து நிமிடம்" என்று இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். பயிற்சி பெற்றவர்கள் வாயைப் பார்ப்பதால், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் குறைகிறது என்பதற்குக் கேரளத்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று சான்று தந்தது. முடிவு 2005இல் வெளியானது. அதில் வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். தானே பார்த்துக்கொள்வதற்கு அந்த மாதிரிச் சான்று இல்லை. தானே பார்ப்பவர் பலதைத் தவறவிடுகிறார் என்பதுதான் தெரிந்த செய்தி. மேலும் நாக்கின் வேர், தொண்டையின் உட்பகுதி இவற்றை எந்தக் கண்ணாடியும் வீட்டில் காட்டாது. அங்கே வருவது விழுங்கும்போது வலி, ஒரே காதில் விடாத வலி, மாறிய குரல் என்றுதான் தன்னைக் காட்டிக்கொள்ளும். மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் போய்க் காட்ட வேண்டும். "கண்ணாடியில் ஒன்றும் தெரியாவிட்டாலும், பல் மருத்துவரிடம் வரும்போது வாயையும் பார்க்கச் சொல்லுங்கள்" என்ற ஒரு வரி அடியில் இருந்தால், சுவரொட்டி தன் அளவுக்கு மேல் வாக்குக் கொடுக்காது.

திரும்பிப் பார்க்காதவர்களைப் பற்றி. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் பார்க்க, எழுந்துபோய்ச் சுவரைப் படிக்க யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். கடைசி நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து படிக்க முடியாத எழுத்து தேவையில்லாத எழுத்து. நான் என் சுவரொட்டியில் தலைப்பையும் நாக்கைப் பிடித்த படத்தையும் பதினான்கு நாள் கட்டத்தையும் மட்டும் பெரிதாக்கி, முழுப் படிகளையும் சிறிய தாளில் அடித்துக் கைகழுவும் தொட்டிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கலாம். வீட்டுக்கு எடுத்துப்போகவும் அங்கே ஒரு கட்டு வைத்திருக்கிறேன்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மருத்துவத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் பிரதியைக் கொடுத்து, கண்ணாடி முன் நிறுத்தி, வாயைத் திறக்காமல் நீங்கள் பின்னால் நில்லுங்கள். விளக்கம் சொல்லக் கூடாது. அவர் கையைப் பாருங்கள். எந்த வரியில் கை நின்றுவிடுகிறதோ அந்த வரியைத் திருத்த வேண்டும். என் புதிய பிரதியை நான் முதலில் கொடுத்தது, அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மனிதரிடம். கறாராகப் படித்தார், நாக்கை நீட்டினார், விரலால் பிடித்தார், வழுக்கியது. மறுபடி பிடித்தார், மறுபடி வழுக்கியது. அப்போது என் பிரதியில் துணி என்ற சொல் இல்லை. பேனாவைக் கேட்டு வாங்கி, "நுனியை" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கூரைக்குறி போட்டு, "சுத்தமான துணியால்" என்று அவரே எழுதிச் சேர்த்தார்.